ஓய்வுக்கு எவ்வளவு பணம் வேண்டும்? ஒரு திருப்பூர்க் குடும்பத்தின் கணக்கோடு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. சம்பளப் பட்டியலும் பி.எஃப். கணக்கும் என் மேசையில் இருப்பதால், நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் இந்தக் கேள்வியோடு வந்து உட்காருவார்கள். அவர்களோடு சேர்ந்து போட்டுப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கூட்டல் பெருக்கலில் யாரும் தவறுவதில்லை. இன்றைய ரூபாயையும், பதினெட்டு வருடம் கழித்து வரப்போகும் ரூபாயையும் ஒரே கணக்கில் கலந்துவிடுவதால்தான் தவறுகிறார்கள். இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'இன்றைய ரூபாய்' அல்லது 'அன்றைய ரூபாய்' என்று எழுதச் சொல்வேன். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கணக்குக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு 42 வயது, ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் புரொடக்‌ஷன் மேனேஜர். மனைவிக்கு 38. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். பிடித்தம் போக மாதம் 72,000 ரூபாய் கைக்கு வருகிறது. 60 வயதில் வேலையை விட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கடைசி மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக், பி.பி.எஃப். கணக்கு இருப்பு, மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட், வீட்டுக்கடன் எப்போது முடியும் என்று காட்டும் தவணைப் பட்டியல். இவ்வளவு போதும். கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் நல்லது. போனில் உள்ள ஷீட்ஸ் செயலியிலும் இதே சூத்திரங்கள் வேலை செய்யும்.

இன்னொன்று, கணவனும் மனைவியும் சேர்ந்தே உட்காருங்கள். ஏன் என்பது அடுத்த படியிலேயே தெரியும்.

2. சேமிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, செலவில் தொடங்குங்கள்

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது சேமிப்பைத்தான். "ஏனுங்கண்ணா, பி.எஃப்.ல ஆறரை லட்சம் இருக்குதுங்க, பத்துமுங்களா?" என்றுதான் இவரும் கேட்டார். எதற்குப் பத்த வேண்டும் என்று தெரியாமல் பத்துமா என்று சொல்ல முடியாது. அதனால் முதல் எண் எப்போதும் வீட்டுச் செலவாகவே இருக்க வேண்டும்.

மாதச் செலவு எவ்வளவு என்று கேட்டதும் "நாற்பதாயிரம் ஆகுமுங்க" என்றார். ஸ்டேட்மென்ட்டை விரித்து, சேமிப்பையும் சீட்டையும் தள்ளிவிட்டு, மூன்று மாதச் செலவைக் கூட்டி மூன்றால் வகுத்தோம். 52,000 வந்தது. அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. அவர் மனைவிதான் பென்சிலை வாங்கி ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினார். மளிகைக் கடைக்கு மாதக் கடைசியில் ஒரே தொகையாகப் போனது, பால்காரருக்கு ஜிபே, பெரியவளுக்கு டியூஷன், மாமியாருக்கு மாத்திரை. அவர் மனதில் வைத்திருந்தது தன் கையால் கொடுத்த செலவை மட்டும்.

மனக்கணக்குக்கும் ஸ்டேட்மென்ட்டுக்கும் பன்னிரண்டாயிரம் வித்தியாசம். பின்னால் வரும் பெருக்கலில் இது கோடிக் கணக்கில் ஒரு பெரிய துண்டாகிவிடும். எனவே இந்தப் படியில் ஒரு மாலை முழுக்கப் போனாலும் பரவாயில்லை.

3. அதை ஓய்வுகாலச் செலவாக மாற்றுங்கள்

இன்றைய செலவு அப்படியே 60 வயதிலும் தொடராது. சில விழும், சில ஏறும். 'ஓய்வில் 70 சதவீதம் போதும்' என்பது மாதிரியான பொது விகிதத்தை நான் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் விழுவது வேறு, ஏறுவது வேறு.

இவர் வீட்டில் விழுவது: வீட்டுக்கடன் தவணை 14,000, பள்ளிக் கட்டணமும் டியூஷனும் 7,000, வேலைக்குப் போய்வரும் பெட்ரோல் 2,000. மூன்றையும் கழித்தால் மீதி 29,000.

ஏறுவதில் பலர் மறப்பது, வருடத்துக்கு ஒருமுறை வருகிற செலவு. மூன்று மாத ஸ்டேட்மென்ட்டில் அது அகப்படாது. தீபாவளித் துணி, குலதெய்வக் கோயில் பொங்கல், வீட்டு வரி, வண்டி இன்சூரன்ஸ், அப்புறம் நம் பக்கத்தில் தவிர்க்கவே முடியாத மொய்யும் சீரும். ஒரு வருடக் கல்யாணப் பத்திரிகைகளை நினைவில் ஓட்டிப் பார்த்து எழுதச் சொன்னேன். எல்லாம் சேர்ந்து வருடம் 48,000, அதாவது மாதம் 4,000. ஓய்வுக்குப் பிறகு மொய் குறையும் என்று எண்ண வேண்டாம். பங்காளி வீடுகளில் அடுத்த தலைமுறைக் கல்யாணங்கள் அப்போதுதான் தொடங்கும்.

அடுத்து மருத்துவம். இப்போது கம்பெனி தரும் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். இருவருக்கும் சொந்தமாகக் காப்பீடு எடுக்க வேண்டும். மாத்திரை, பரிசோதனைச் செலவும் கூடும். அதற்கு மாதம் 3,000 சேர்த்தோம்.

29,000 + 4,000 + 3,000 = 36,000. இது இன்றைய ரூபாய். பிள்ளைகளின் கல்லூரியும் கல்யாணமும் இதில் இல்லை; அவற்றுக்குத் தனிக் கணக்கு போட வேண்டும். இரண்டையும் ஒரே பையில் போட்டால், கல்யாணத்தன்று ஓய்வுப் பணம்தான் முதலில் காலியாகும்.

4. விலைவாசியை ஏற்றி அன்றைய ரூபாய்க்குக் கொண்டுபோங்கள்

42-ல் இருந்து 60 வரை 18 வருடம். விலைவாசி உயர்வை வருடம் 6 சதவீதம் என்று வைத்தேன். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம். அதற்கு மேலும் கீழும் 2 சதவீதம் வரை இடம் உண்டு. வயதானவர்கள் வீட்டுச் செலவில் மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பங்கு அதிகம் என்பதால் அந்த வரம்பின் மேல்விளிம்பையே எடுத்துக்கொள்கிறேன்.

```
=36000*(1+6%)^18
```

விடை சுமார் 1,02,756. இன்றைக்கு 36,000 ரூபாயில் நடக்கும் அதே குடித்தனத்துக்கு அன்றைக்கு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வேண்டும். வருடத்துக்கு 12,33,074. இது அன்றைய ரூபாய்.

இங்கே அடிக்கடி வரும் பிழை, 6 சதவீதத்தை 18-ஆல் பெருக்கி 108 சதவீதம் ஏற்றிவிடுவது. அப்படிப் போட்டால் 74,880 தான் வரும். போன வருடம் ஏறிய விலையின் மேல்தான் இந்த வருட விலையும் ஏறுகிறது. அதனால்தான் சூத்திரத்தில் அடுக்குக் குறி.

5. எத்தனை வருடத்துக்கு என்பதை இளையவரின் வயதை வைத்து முடிவு செய்யுங்கள்

"எங்க அப்பா எழுபத்தெட்டுல போயிட்டாருங்க, எண்பது வரைக்கும் போடுங்க போதும்" என்றார். அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு 80 ஆகும்போது மனைவிக்கு 76 தான். பணம் அன்றோடு தீர்ந்துவிட்டால் அதற்குப் பிறகு அவர் என்ன செய்வார்?

இருவரில் சின்னவர் எவ்வளவு காலம் இருக்கக்கூடும் என்பதை வைத்துத்தான் வருடக் கணக்கு போட வேண்டும். இவர் 60-ல் ஓய்வு பெறும்போது மனைவிக்கு 56. மனைவியின் 86 வயது வரை என்று 30 வருடம் எடுத்தோம்.

6. வேண்டிய மொத்தத் தொகையைக் கண்டுபிடியுங்கள்

நம் பக்கத்தில் பெரும்பாலோர் இந்த இடத்தில் வட்டிக் கணக்கு போடுகிறார்கள். வருடம் 12.33 லட்சம் வேண்டும், வட்டி 7 சதவீதம், அப்படியானால் 1.76 கோடி இருந்தால் முதலைத் தொடாமல் வட்டியில் காலம் தள்ளலாம் என்று. கடன் கொடுத்து வட்டி வாங்கிப் பழகிய ஊரில் இந்த எண்ணம் இயல்பாகவே வரும்.

ஆனால் முதல் வருடத்துக்கு மட்டுமே அது சரி. செலவு வருடம் 6 சதவீதம் ஏறிக்கொண்டே போகும். வட்டி வருமானம் நின்ற இடத்தில் நிற்கும். இரண்டாம் வருடமே முதலில் கை வைக்க நேரும். குறைந்த முதலுக்குக் குறைந்த வட்டிதான் வரும், அதனால் மூன்றாம் வருடம் இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டிவரும். போட்டுப் பார்த்தால் அந்த 1.76 கோடி பதினைந்து வருடத்தில் தீர்ந்துவிடுகிறது. அவருக்கு வயது 75, மனைவிக்கு 71.

சரியான முறை, வட்டியில் விலைவாசி தின்றது போக மிஞ்சுவதை மட்டும் வருமானமாக எடுத்துக்கொள்வது. ஓய்வுக்குப் பின் வரி போக 7 சதவீதம் கிடைக்கும் என்று வைக்கிறேன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இதைவிடக் கூடவே கிடைக்கலாம். ஆனால் அதில் ஒருவர் 30 லட்சம் வரைதான் போட முடியும். மீதிப் பணம் வேறு இடங்களில்தான் இருக்கும்.

```
=PV((1+7%)/(1+6%)-1, 30, -1233074, 0, 1)
```

முதல் பகுதிதான் விலைவாசி போன மிச்சம்; ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. கடைசியில் உள்ள 1, ஒவ்வொரு வருடச் செலவையும் அந்த வருடத் தொடக்கத்திலேயே எடுத்துவிடுவதைக் குறிக்கிறது. உண்மையில் மாதாமாதம்தான் எடுப்போம் என்பதால் இதில் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அது இருக்கட்டும். செலவுக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியை விட்டுவிட்டால் விடை எதிர்மறையில் வரும். பயப்பட வேண்டாம், குறியைப் போட்டால் சரியாகிவிடும்.

விடை சுமார் 3.24 கோடி, அன்றைய ரூபாய்.

7. கையில் இருப்பது அன்றைக்கு எவ்வளவாகும்

முதலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். இவரிடம் பி.எஃப். 6.5 லட்சம், பி.பி.எஃப். 3 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 2.5 லட்சம், வங்கி டெபாசிட் 2 லட்சம், மனைவியின் நகை, அவிநாசிப் பக்கம் ஒரு சைட்.

டெபாசிட்டைச் சேர்க்கவில்லை. ஆர்டர் குறைந்து இரண்டு மாதம் சம்பளம் தள்ளிப்போனால் குடும்பம் அதில்தான் ஓட வேண்டும். நகையையும் சேர்க்கவில்லை; அது பெண்ணுக்குப் போகப்போகிறது என்று இருவருமே சொன்னார்கள். சைட்டைக் கடைசியில் பார்க்கலாம்.

பி.எஃப்., பி.பி.எஃப். இரண்டுக்கும் சேர்த்து 7.5 சதவீதம் வைத்தேன். இன்றைக்கு அறிவித்திருக்கும் வட்டியே 18 வருடமும் தொடரும் என்று எண்ணுவது தவறு. 1990-களில் பி.எஃப். வட்டி 12 சதவீதம், 2021-22-இல் 8.1 வரை இறங்கியது. பி.பி.எஃப். வட்டியை 2020 ஏப்ரலில் 7.9-இல் இருந்து 7.1 ஆக்கினார்கள். பங்குச் சந்தை ஃபண்டுக்கு 11 சதவீதம் வைத்தேன்; கடந்த ஐந்து வருட லாபத்தைப் பார்த்து 15, 18 என்று போடாதீர்கள்.

```
=950000*(1+7.5%)^18
=250000*(1+11%)^18
```

முதலாவது 34.9 லட்சம், இரண்டாவது 16.4 லட்சம். சேர்ந்து 51.3 லட்சம்.

8. மாதாமாதம் போடுவது எவ்வளவாகும்

இதில் பி.எஃப். பங்கைச் சரியாக எடுக்க வேண்டும். இவருக்குச் சம்பளத்தில் 15,000 ரூபாய்க்கு மட்டும்தான் பி.எஃப். பிடிக்கிறார்கள். தன் பங்கு 1,800, கம்பெனி பங்கு 1,800, ஆக மொத்தம் 3,600 சேர்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். பாஸ்புக்கைத் திறந்து மூன்றாவது கட்டத்தைக் காட்டினேன். கம்பெனி பங்கில் 1,250 ரூபாய் பென்ஷன் நிதிக்குப் போகிறது. அது அவர் இருப்பில் சேராது. சேர்வது 1,800-உம் 550-உம், ஆக 2,350. பி.பி.எஃப்-க்கு மாதம் 2,000 போடுகிறார். இரண்டும் 4,350. ஃபண்டில் எஸ்.ஐ.பி. 8,000.

```
=FV((1+7.5%)^(1/12)-1, 216, -4350)
=FV((1+11%)^(1/12)-1, 216, -8000)
```

விடைகள் 19.3 லட்சம், 50.8 லட்சம். வருட வட்டியை வெறுமனே 12-ஆல் வகுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மாதாமாதம் வட்டிக்கு வட்டி சேர்ந்து, 11 சதவீதம் என்று சொல்லிக்கொண்டே அதற்கு மேல் போட்டதாகிவிடும். இரண்டாவது விடை 53.9 லட்சம் என்று மூன்று லட்சம் ஊதிக் காட்டும்.

அந்தப் பென்ஷன் என்ன ஆகும் என்று கேட்டார். 58 வயதுக்கு மேல் மாதம் 6,000 ரூபாய் அளவில் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். உடனே "அப்ப முப்பத்தாறுல ஆறைக் கழிச்சுக்கலாமுங்களா?" என்றார். கூடாது. 36,000 இன்றைய ரூபாய். அந்த 6,000 அன்றைய ரூபாய். இன்றைய மதிப்பில் அது 2,100 தான். விலைவாசிக்கு ஏற்ப அது ஏறுவதும் இல்லை. அதனால் கணக்கில் சேர்க்காமல் கைச்செலவுக்கு விட்டுவிட்டேன்.

9. பள்ளம் எவ்வளவு, எதைக் கொண்டு நிரப்புவது

சேரப்போவது 51.3 + 19.3 + 50.8 = 121.4 லட்சம், அதாவது சுமார் 1.21 கோடி. வேண்டியது 3.24 கோடி. இரண்டு கோடி குறைகிறது.

இந்த இடத்தில் பலர் நோட்டை மூடிவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். இன்றே மாதம் 31,900 ரூபாய் கூடுதலாகப் போட்டால் நிரம்பும் என்றுதான் கணக்கு சொல்கிறது. அவரால் அது முடியாது. ஆனால் வரப்போகும் 18 வருடமும் அவர் சம்பளம் இதே இடத்தில் நிற்காது, கடனும் இப்படியே இருக்காது. அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கணக்கில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சீட்டு. அவர் ஏற்கெனவே எடுத்துவிட்ட ஏலச்சீட்டுக்கு மாதம் 4,000 கட்டிக்கொண்டிருந்தார்; அடுத்த மாதம் முடிகிறது. அந்தப் பணம் கைக்குப் பழகும் முன்பே எஸ்.ஐ.பி-யை 12,000 ஆக்கச் சொன்னேன்.

இரண்டாவது, வருடா வருடம் எஸ்.ஐ.பி-யை 10 சதவீதம் ஏற்றுவது. சம்பள உயர்வு வரும் மாதத்திலேயே செய்தால் வலிக்காது. வருடம் ஏறும் தொகைக்கு FV சூத்திரம் நேராகப் பொருந்தாது. ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வரி போடுங்கள்: முந்தைய இருப்பு 11 சதவீதம் வளர்ந்தது, அதோடு அந்த வருடப் போடல்கள் வளர்ந்தது, இரண்டையும் கூட்டி அடுத்த வரிக்கு இறக்குங்கள். 18 வரிகள் முடிவில் 148.6 லட்சம் வந்தது. 8,000 அப்படியே நின்றிருந்தால் வரும் 50.8 லட்சத்தின் இடத்தில் இது.

மூன்றாவது, வீட்டுக்கடன். இன்னும் ஒன்பது வருடத்தில் முடிகிறது. அந்த 14,000-ஐ மீதி ஒன்பது வருடமும் ஃபண்டில் போட்டால் 25 லட்சம். பள்ளிக் கட்டணத்துக்கு இதே மாதிரி செய்ய நான் விடவில்லை. பள்ளி முடிந்ததும் அது கல்லூரிக்குத் திரும்பிவிடும்.

இவ்வளவும் சேர்த்து 2.44 கோடி. இன்னும் 80 லட்சம் பள்ளம்.

நான்காவதாக, இரண்டு வருடம் கூடுதலாக வேலை. 62 என்று வைத்து முதலில் இருந்து மறுபடி போட்டோம். மாதச் செலவு அன்றைய ரூபாயில் 1,15,457 ஆகிறது. மனைவியின் 86 வயது வரை இப்போது 28 வருடம்தான். வேண்டியது 3.43 கோடி, சேர்வது 3.20 கோடி. பள்ளம் 80-இல் இருந்து 23 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. கடைசி இரண்டு வருடத்தில்தான் மாதப் போடல் மிகப் பெரிதாக இருக்கும், சேர்ந்த மொத்தமும் பெரிதாகி வளரும். அதே இரண்டு வருடம் பணம் எடுக்கவும் வேண்டியதில்லை. அதனால்தான் இவ்வளவு வேறுபாடு. ஓய்வு வயதை மாற்றும்போது சேமிப்புப் பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடாதீர்கள். செலவுத் தொகையும் வருட எண்ணிக்கையும் கூடவே மாற வேண்டும்.

10. எண்களை அசைத்துப் பாருங்கள்

62 வயதுக் கணக்கை அப்படியே வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது இழுத்தது என்று தெரியாது.

விலைவாசியை 5 சதவீதமாக்கினால் வேண்டியது 2.52 கோடி. 7 ஆக்கினால் 4.68 கோடி. ஒரே ஒரு சதவீதத்துக்கு ஒன்றேகால் கோடி ஏறுகிறது. காரணம், அது வேலை செய்யும் 20 வருடத்திலும் செலவை ஏற்றுகிறது, அதற்குப் பின் வரும் 28 வருடத்திலும் வட்டியைத் தின்கிறது.

ஃபண்டின் வளர்ச்சியை 11-இல் இருந்து 9 ஆக்கினால் சேர்வது 3.20 கோடியில் இருந்து 2.77 கோடிக்கு இறங்குகிறது. வருடாந்திர உயர்வை 10-இல் இருந்து 5 சதவீதமாக்கினால் 65 லட்சம் குறைகிறது. எந்த ஃபண்ட் நல்லது என்று கேட்டு அலைகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஃபண்டின் வளர்ச்சி உங்கள் கையில் இல்லை. எஸ்.ஐ.பி-யை எவ்வளவு ஏற்றுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது, அதன் எடையும் கூடுதல்.

இந்தக் கணக்கு ஒன்றை மறைக்கிறது. ஒவ்வொரு வருடமும் வளர்ச்சி ஒரே சீராக வரும் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஓய்வு பெற்ற முதல் வருடமே சந்தை விழுந்தால், விழுந்த விலையில் விற்றுச் சாப்பிட வேண்டிவரும். பிறகு சந்தை ஏறினாலும் விற்ற யூனிட் திரும்பி வராது. அதற்காக 60 வயதில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வருடச் செலவுக்கான பணத்தை டெபாசிட்டுக்கு மாற்றிவிட வேண்டும் என்று அவர் நோட்டில் எழுதிக் கொடுத்தேன்.

11. சைட்டைச் சேர்க்கலாமா

அவிநாசி சைட் இன்றைக்கு 15 லட்சம் போகும் என்றார். பக்கத்து சைட் பேசிய விலையைச் சொல்கிறாரா, பத்திரம் முடிந்த விலையைச் சொல்கிறாரா என்று கேட்டேன். பத்திரம் முடிந்த விலைதான். விலைவாசி அளவுக்கு, அதாவது 6 சதவீதம் மட்டும் ஏறும் என்று வைத்தால் 20 வருடத்தில் 48 லட்சம். 23 லட்சம் பள்ளத்தை நிரப்பி மீதியும் இருக்கும்.

ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: நிஜமாகவே விற்பீர்களா? விற்காத நிலம் மாதச் செலவுக்கு ஒரு ரூபாயும் தராது. பையனுக்கு வீடு கட்ட என்று மனதில் வைத்திருந்தால் அதை ஓய்வுக் கணக்கில் எழுதக் கூடாது. கணவனும் மனைவியும் வெகு நேரம் பேசினார்கள். பாதி சைட்டை விற்பது, பாதியைப் பையனுக்கு விடுவது என்று முடிவானது. பாதிக்கு 24 லட்சம். அது மட்டுமட்டாகத்தான் இருக்கிறது என்பதை அவர்களிடம் சொன்னேன். பத்தாவது படியில் பார்த்த எந்த எண் கெட்டுப்போனாலும் இந்தப் பாதி போதாது.

12. வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில்

புது நிதியாண்டில் இரண்டே இரண்டு எண்களைச் சரிபாருங்கள்.

ஒன்று, செலவு. 36,000 என்று வைத்தது 6 சதவீதம் ஏறி 38,160 ஆகியிருக்க வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் அதே வகைச் செலவுகளைக் கூட்டினால் 40,000 வருகிறது என்றால் விலைவாசி ஏறியதா, குடும்பம் பழக்கத்தை மாற்றியதா என்று பாருங்கள். எதுவாக இருந்தாலும் நான்காவது படியில் புது எண்ணைப் போட்டு மறுபடி ஓட்டுங்கள்.

இரண்டு, சேர்ந்த தொகை. பி.எஃப்., பி.பி.எஃப்., ஃபண்ட் மூன்றிலும் இன்றைக்கு 12 லட்சம். சொன்னபடி போட்டு, வைத்த விகிதத்தில் வளர்ந்தால் அடுத்த ஏப்ரலில் சுமார் 15 லட்சம் இருக்கும். சந்தை விழுந்து குறைந்திருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், போடுவதைத் தொடருங்கள். ஆர்டர் இல்லாத மாதத்தில் எஸ்.ஐ.பி-யை நிறுத்தியதால் குறைந்திருந்தால், விட்ட தவணைகளை அந்த ஏப்ரலிலேயே போட்டுவிட்டு 10 சதவீதம் ஏற்றுங்கள். அவர் நோட்டின் பின்பக்கத்தில் இப்போது '15 லட்சம், ஏப்ரல்' என்று அவர் மனைவியின் கையெழுத்தில் எழுதியிருக்கிறது.